சொல்லப்படாத ஓர் ஓவர்

ஒரு நாள் ஆட்டத்தில் இரண்டாவதாக பேட் செய்யும் அணியின் கேப்டனுக்கு வழக்கமாக ஒரே கணக்குதான். எத்தனை ரன் பாக்கி, எத்தனை பந்து பாக்கி. முன்னதைப் பின்னதால் வகுத்து ஆறால் பெருக்கினால் ஓவருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது வந்துவிடும். மைதானத்தின் பெரிய திரையே அதைப் போட்டுக் காட்டும். கேப்டன் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

2023 செப்டம்பர் 5 அன்று லாகூர் கடாஃபி மைதானத்தில் ஆப்கானிஸ்தான் கேப்டன் ஹஷ்மத்துல்லா ஷாஹிதிக்கு அந்த வசதி இல்லை. ஆசியக் கோப்பையின் பிரிவு ஆட்டம் அது. முதலில் ஆடிய இலங்கை 50 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 291 ரன் எடுத்திருந்தது. குசல் மெண்டிஸ் 92 ரன்னில் ரன் அவுட் ஆனார். வெற்றிக்கு 292 ரன் தேவை. 50 ஓவரில் எடுத்தால் போதும் என்றால் ஓவருக்கு 5.84 ரன், லாகூர் ஆடுகளத்தில் அது பெரிய வேலை இல்லை. ஆனால் 50 ஓவர் எடுத்துக்கொண்டு ஜெயித்தால் ஆட்டம் கிடைக்கும், அடுத்த சுற்று கிடைக்காது. அணிக்கு வந்த செய்தி, 37.1 ஓவருக்குள் முடித்தாக வேண்டும் என்பது.

37.1 என்பதைப் பள்ளிக்கூடத் தசமமாக வாசிக்கக் கூடாது. 37 ஓவர் முடிந்து ஒரு பந்து என்று பொருள். மொத்தம் 223 பந்துகள். 223 பந்தில் 292 ரன் என்றால் ஓவருக்கு 7.86. ஒரே இலக்குதான், ஆனால் ஓவருக்கு இரண்டு ரன் கூடிவிட்டது.

இந்த 37.1 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

அந்தப் பிரிவில் மூன்று அணிகள்: இலங்கை, வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இரண்டு அணிகள் மேலே போகலாம். பல்லேகெலேயில் வங்கதேசத்தை 164 ரன்னில் சுருட்டிய இலங்கை, 39 ஓவரில் 165 எடுத்து வென்றிருந்தது. அடுத்து லாகூரில் வங்கதேசம் 334 ரன் குவித்து, ஆப்கானிஸ்தானை 245 ரன்னில் ஆட்டமிழக்கச் செய்தது. இப்போது ஆப்கானிஸ்தான் இலங்கையை வென்றால் மூன்று அணிக்கும் ஒவ்வொரு வெற்றி, இரண்டு இரண்டு புள்ளி. அப்போது யார் மேலே போவது என்பதை நெட் ரன் ரேட் முடிவு செய்யும்.

நெட் ரன் ரேட் என்பது தொடர் முழுவதும் ஓர் அணி ஓவருக்கு எடுத்த சராசரி ரன்னிலிருந்து, அது ஓவருக்குக் கொடுத்த சராசரி ரன்னைக் கழிப்பது. இதில் ஒரு விதி கவனிக்க வேண்டியது. ஓர் அணி ஆல் அவுட் ஆகிவிட்டால், எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும் 50 ஓவர் முழுதும் ஆடியதாகவே எடுத்துக்கொள்வார்கள். வங்கதேசத்துக்கு எதிராக ஆப்கானிஸ்தான் 44.3 ஓவரில்தான் 245 எடுத்தது. கணக்கில் அது 50 ஓவருக்கு 245. இலங்கைக்கு எதிராக வங்கதேசம் 42.4 ஓவரில் சுருண்டது. அதுவும் 50 ஓவர்தான். இந்த விதி இல்லாவிட்டால், பத்து ஓவரில் தாறுமாறாக அடித்து ஆல் அவுட் ஆகும் அணிக்கு நல்ல ரன் ரேட் வந்துவிடும்.

வங்கதேசத்தின் ரேட் 0.373 என்று கூட்டலில் இருந்தது. ஆப்கானிஸ்தான் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அதை எட்டுவது நடைமுறையில் முடியாத காரியம். ஆகவே எட்டிப் பிடிக்க வேண்டியது இலங்கையை. ஆட்டத்துக்கு முன் இலங்கை கூட்டலில் 0.951, ஆப்கானிஸ்தான் கழித்தலில் 1.780. இடைவெளி பயமுறுத்துகிறது. ஆனால் நேரடியாக மோதும்போது ஆப்கானிஸ்தான் வேகமாக அடிக்கும் ஒவ்வொரு ரன்னும் அதன் சொந்த ரேட்டை மேலே தூக்கும். அதே ரன் இலங்கை கொடுத்த ரன்னாகவும் எழுதப்பட்டு இலங்கையின் ரேட்டைக் கீழே இழுக்கும். ஒரு ரன் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

இனி எண்கள். ஆப்கானிஸ்தான் இரண்டு ஆட்டத்திலும் கொடுத்தது 334, 291. மொத்தம் 100 ஓவரில் 625, அதாவது ஓவருக்கு 6.25. இலங்கை இரண்டு ஆட்டத்திலும் எடுத்தது 165, 291. 89 ஓவரில் 456, ஓவருக்கு 5.1236. இந்த இரண்டும் ஆப்கானிஸ்தான் பேட் செய்ய இறங்கும் முன்பே முடிந்துபோன எண்கள். இரண்டையும் கூட்டினால் 11.3736. ஷாஹிதியின் அணி தாண்ட வேண்டிய சுவர் இதுதான்.

தாண்டுவதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவை ஆப்கானிஸ்தான் எடுக்கும் சராசரியும் இலங்கை கொடுக்கும் சராசரியும். முன்னதில் ஏற்கெனவே 50 ஓவருக்கு 245 இருக்கிறது. பின்னதில் 50 ஓவருக்கு 164. இரண்டிலும் 50 ஓவர் என்பது தற்செயலாக அமைந்த சௌகரியம், இல்லாவிட்டால் கணக்கு இன்னும் சிக்கலாகியிருக்கும். இன்றைய ஆட்டத்தின் ரன்னும் ஓவரும் இரண்டிலும் சேரும். ஆக நிபந்தனை இப்படி முடிகிறது:

(409 + 2 × ரன்) ÷ (50 + ஓவர்) > 11.3736

ரன் என்ற இடத்தில் 292 போடுங்கள். மேலே 993 வரும். 993-ஐ 11.3736-ஆல் வகுத்தால் 87.31. அதில் 50 போனால் 37.31 ஓவர். இந்த 0.31 ஓவர் என்பது ஏறக்குறைய 1.85 பந்து. அரைப் பந்து கால் பந்து எல்லாம் கிடையாது. ஆகவே ஒரு பந்து. 37.1 ஓவர். வந்த செய்தி சரியானதுதான்.

சரியானது, ஆனால் முழுமையானதல்ல. 292 என்ற இடத்தில் 293 போட்டால் என்ன ஆகும்?

சேஸிங்கில் வெற்றி இலக்கைத் தாண்டி ரன் எடுக்க முடியாது என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரி. ஆனால் கடைசி அடி பவுண்டரியோ சிக்சரோ ஆனால் அதன் முழு ரன்னும் கணக்கில் ஏறும். 291-ல் ஸ்கோர் சமமாக நிற்கும்போது சிக்சர் அடித்தால் அணியின் ஸ்கோர் 297. நெட் ரன் ரேட்டுக்கும் அந்த 297தான் போகும். ஆக, ஆப்கானிஸ்தான் இந்த ஆட்டத்தை 292-லிருந்து 297 வரை எந்த ரன்னில் வேண்டுமானாலும் முடிக்கலாம்.

ஒவ்வொரு ரன் கூடும்போதும் மேலே உள்ள 993-ல் இரண்டு ஏறுகிறது. இரண்டை 11.3736-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 1.055. அதாவது கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் ஒரு பந்துக்குச் சற்றே அதிகமான அவகாசத்தை வாங்கித் தருகிறது. 293 என்றால் 37.2 ஓவர் வரை. 294 என்றால் 37.3. அடுத்தது 37.4 என்று எதிர்பார்ப்போம். அங்கேதான் அந்தச் சிறு உபரி சேர்ந்து சேர்ந்து ஒரு முழுப் பந்தாகிவிடுகிறது. 295 என்றால் 37.5 வரை நேரம் உண்டு. 296 என்றால் 38-வது ஓவரின் கடைசிப் பந்து வரை. 297 என்றால் 38.1 ஓவர் வரை.

37.1-க்கும் 38.1-க்கும் நடுவே இருப்பது முழுதாக ஓர் ஓவர். ஆப்கானிஸ்தான் டிரெஸ்ஸிங் ரூமுக்கு அந்த ஓவர் இருப்பதே தெரியாது.

தெரியாமலேயே அவர்கள் ஆடிய ஆட்டம் பிரமாதம் என்றுதான் சொல்ல வேண்டும். தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரும் ஒற்றை இலக்கத்தில் போய்விட்டார்கள். ரஹ்மத் ஷா 45 எடுத்தார். ஒரு முனையில் ஷாஹிதி 66 பந்தில் 59. இதை மட்டும் பார்த்தால் ஓவருக்கு ஐந்தரை ரன்கூட இல்லை, 7.86 தேவைப்படும் ஆட்டத்தில் கேப்டன் தூங்கினாரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் விக்கெட்டும் இந்தக் கணக்கில் ஒரு சரக்கு. ஆல் அவுட் ஆனால் ரேட்டும் போச்சு, ஆட்டமும் போச்சு. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டதால்தான் மறுமுனையில் முகமது நபி 32 பந்தில் 65 அடிக்க முடிந்தது. நபியின் அரைச் சதம் 24 பந்தில் வந்தது, ஒரு நாள் ஆட்டத்தில் ஆப்கானியர் அடித்த அதிவேக அரைச் சதம் அது. இருவரையும் சேர்த்துப் பார்த்தால் தேவையான வேகம் கிடைத்துவிடுகிறது. குறைந்தபட்ச ரன் ரேட் என்பது அணிக்கு விதிக்கப்பட்டது; ஒவ்வொரு ஆட்டக்காரரும் அதைத் தனியே எட்ட வேண்டும் என்பதில்லை.

நபியும் ஷாஹிதியும் ஆட்டமிழந்தபின் பின்வரிசைக்காரர்கள் விடவில்லை. நஜீபுல்லா ஸத்ரான் 15 பந்தில் 23 எடுத்தார். 36 ஓவர் முடிவில் 277 ரன், 8 விக்கெட். செய்தியில் வந்த எண்ணின்படி ஏழு பந்தில் 15 ரன் தேவை. 37-வது ஓவரை வீசியவர் துனித் வெல்லாலகே. ரஷீத் கான் அந்த ஓவரில் மூன்று பவுண்டரி அடித்தார். ஸ்கோர் 289. 37 ஓவர் முடிந்தது. ஒரு பந்தில் மூன்று ரன்.

ஓவர் மாறியதால் ஸ்ட்ரைக் முஜீப் உர் ரஹ்மானுக்குப் போய்விட்டது. பந்து வீச வந்தவர் தனஞ்ஜய டி சில்வா. முஜீபுக்குத் தெரிந்த கணக்கில் இந்த ஒரு பந்துதான் மிச்சம், ஒரு ரன்னோ இரண்டு ரன்னோ பயனில்லை. தூக்கி அடித்தார். லாங் ஆனில் பிடித்துவிட்டார்கள். 289-க்கு 9.

இப்போது நம் கையில் உள்ள கணக்கை வைத்து அந்த நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். முஜீப் அந்தப் பந்தை ஒரு ரன்னுக்குத் தட்டியிருந்தால் ஸ்கோர் 290, ஸ்ட்ரைக்கில் 16 பந்தில் 27 அடித்து நல்ல நிலையில் இருந்த ரஷீத் கான். அவர் கையில் அந்த ஓவரின் ஐந்து பந்துகள். அதில் எந்தப் பந்திலாவது ஒரு சிக்சர் அடித்தால் ஸ்கோர் 296. 38 ஓவருக்குள் முடிந்துவிடும். ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றில். நிச்சயம் அடித்திருப்பார் என்று சொல்லவில்லை. ஒரே பந்தில் பவுண்டரி அடிக்க வேண்டிய பந்துவீச்சாளருக்கும், ஐந்து பந்தில் ஒரு சிக்சர் அடிக்க வேண்டிய ரஷீத் கானுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன்.

முஜீப் அவுட் ஆன பிறகும் கதவு மூடவில்லை. கடைசி ஆட்டக்காரர் ஃபசல்ஹக் ஃபரூக்கி வந்தார். அவரே அடுத்த பந்தில் பவுண்டரி அடித்தால் 293, அதற்கு 37.2 வரை நேரம் உண்டு. சிக்சர் என்றால் 295, அதற்கு 37.5 வரை. சிங்கிள் எடுத்து ரஷீதிடம் கொடுத்தாலும் போதும். ஃபரூக்கி இரண்டு பந்தைத் தடுத்து ஆடினார். நான்காவது பந்தில் எல்பிடபிள்யூ. 37.4 ஓவரில் 289 ஆல் அவுட். இலங்கைக்கு இரண்டு ரன் வித்தியாசத்தில் வெற்றி.

ஃபரூக்கியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்தவரை அடுத்த சுற்று ஒரு பந்துக்கு முன்பே கைநழுவிவிட்டது. மீதி இருந்தது மூன்று ரன்னில் ஓர் ஆறுதல் வெற்றி, அதற்குப் பன்னிரண்டு ஓவருக்கு மேல் நேரம். தடுத்து ஆடுவதுதான் புத்திசாலித்தனம். தவறு அவர் பேட்டில் இல்லை, அவரிடம் இருந்த எண்ணில் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஜோனதன் ட்ராட் வெளிப்படையாகவே சொன்னார்: 37.1 ஓவரில் வெல்ல வேண்டும் என்பது மட்டுமே தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. 295, 297 எடுத்தால் எத்தனை ஓவர் என்பதோ 38.1 வரை வாய்ப்பு உண்டு என்பதோ தெரிவிக்கப்படவில்லை. தொடரை நடத்துகிறவர்கள் முழுப் பட்டியலைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு தேசிய அணி இந்தக் கணக்கை மற்றவர் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கையின் இன்னிங்ஸ் முடிந்தவுடன் எல்லா எண்களும் கையில் இருந்தன. மேலே கொடுத்த ஒற்றை வரியில் 292 முதல் 297 வரை ஆறு முறை போட்டுப் பார்த்தால் பட்டியல் தயார். இடைவேளைத் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை.

கேப்டன்கள் இப்படி மாட்டிக்கொள்வது புதிதல்ல. 2003 மார்ச் 3 அன்று டர்பனில் உலகக் கோப்பையை நடத்திய தென்னாப்பிரிக்காவுக்கும் இதே இலங்கைதான் எதிரணி. இலங்கை 268 எடுத்திருந்தது. மழை எந்நேரமும் ஆட்டத்தை நிறுத்தலாம் என்ற நிலை. நிறுத்தினால் டக்வொர்த் லூயிஸ் முறைப்படி அந்த நிமிடத்து ஸ்கோரைப் பார்த்து முடிவு. ஒவ்வொரு ஓவர் முடிவிலும் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற தாள் கேப்டன் ஷான் பொல்லாக்கின் தரப்பில் இருந்தது. 45 ஓவர் முடிவில் 229 என்ற செய்தி உள்ளே போனது. முத்தையா முரளிதரன் வீசிய அந்த ஓவரின் ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்சருக்கு அனுப்பினார். ஸ்கோர் 229. வேலை முடிந்தது என்று கடைசிப் பந்தைத் தடுத்துவிட்டார். மழை வந்தது, ஆட்டம் நின்றது. தாளில் இருந்த 229 வெற்றிக்கான எண் அல்ல, சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். ஆட்டம் டையானது, தென்னாப்பிரிக்கா தன் மண்ணில் நடந்த கோப்பையிலிருந்து வெளியேறியது, பொல்லாக்கின் கேப்டன் பதவியும் போயிற்று.

டர்பனில் ஒரு ரன் குறைவாகச் சொன்னார்கள். லாகூரில் ஆறு பந்து குறைவாகச் சொன்னார்கள். இரண்டிலும் தாளில் இருந்த எண் பொய்யில்லை. அது எந்தக் கேள்விக்கான விடை என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. லாகூர் எண்ணைப் பொறுத்தவரை 37.1 என்பது, சரியாக 292-ல் முடித்தால் எத்தனை ஓவர் என்ற கேள்விக்கு மட்டுமே விடை. கேப்டனுக்குத் தேவைப்பட்டது வேறு கேள்வியின் விடை: நான் எந்த வழியில் முடித்தாலும் சரி, அதிகபட்சம் எத்தனை பந்து வரை நம்பிக்கை வைத்திருக்கலாம்?

இந்த இரண்டாவது விடை கையில் இருந்தால் கடைசி ஓவர்களின் ஆட்டமே மாறியிருக்கும். 36-வது ஓவர் முடிவில் ஏழு பந்தில் 15 என்பதற்குப் பதிலாக, பதின்மூன்று பந்துகள் உண்டு, 290-லோ 291-லோ நின்றுகொண்டு சிக்சருக்குப் போ என்ற கட்டளை போயிருக்கும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. சமநிலையில் நிற்கும்போது அவசரப்பட்டு ஒரு சிங்கிள் எடுத்துவிட்டால் ஆட்டம் அங்கேயே 292-ல் முடிந்துவிடும், 37.1 தாண்டியிருந்தால் ஜெயித்தும் வெளியே போக வேண்டியதுதான். பந்து வீசும் அணிக்கும் அதே கணக்கு தெரிந்தால் எல்லைக்கோட்டை அடைத்துக்கொண்டு சிங்கிளைத் தாராளமாகக் கொடுப்பார்கள். வேண்டுமென்றே ஒரு வைடு வீசி ஆட்டத்தை முடித்துவிடக்கூட நினைக்கலாம். ரன் எடுக்க மறுக்கும் பேட்ஸ்மேனையும் ரன் கொடுக்கத் துடிக்கும் பந்துவீச்சாளரையும் ஒரே ஆட்டத்தில் பார்த்திருப்போம். விதி அனுமதிக்கிற விநோதம்தான்.

பிழைத்துக்கொண்ட இலங்கை இறுதிப் போட்டி வரை போனது. செப்டம்பர் 17 அன்று கொழும்பில் முகமது சிராஜ் 21 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுக்க, இந்தியாவிடம் 50 ரன்னில் சுருண்டது.

இனி ஏதாவதொரு தொடரின் கடைசிப் பிரிவு ஆட்டத்தில் தொலைக்காட்சித் திரை, இத்தனை ஓவருக்குள் வென்றால் தகுதி என்று ஒற்றை எண்ணைக் காட்டினால், அது இலக்கைச் சரியாகத் தொட்டு முடிப்பதற்கான கெடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிக்சரில் முடித்தால் கெடு எவ்வளவு தள்ளிப்போகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தொலைக்காட்சியை அணைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.